மூணாறு வீட்டில் ஓர் அறை ஹோம்ஸ்டே: வாடகைக் கணக்கு, ஈரம், வெந்நீர்

கேள்வி: மூணாறு டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. மாடியில் பாத்ரூமோடு ஓர் அறை சும்மா கிடக்கிறது. டூரிஸ்ட்டுகளுக்கு ஹோம்ஸ்டேயாகக் கொடுக்கலாம் என்று யோசனை. ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கலாம்? சுத்தம், பாதுகாப்பு விஷயத்தில் எதையெல்லாம் கட்டாயம் பார்க்கணும்?

பதில்:

பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து வாடகை வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அறைக்கு ஆகும் செலவை முதலில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஆள் மாறும்போது ஒருமுறை ஆகும் செலவு ஒன்று. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆகும் செலவு இன்னொன்று. ஒற்றை அறைக்காரர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

கீழே உள்ளவை ஒரு மாதிரிக் கணக்குக்கான தொகைகள். உங்கள் ஊர் விலையை அதன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தங்கிப் போன பிறகு பெட்ஷீட், போர்வை உறை, தலையணை உறை, துண்டுகள் எல்லாம் துவைக்க 150 ரூபாய். அறையையும் பாத்ரூமையும் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம், அதற்குக் கூலி 200. நீங்களே செய்தாலும் இந்த 200-ஐ எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பைக் கெஸ்ட்டுக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்பது கணக்கில் தெரியாமலே போகும். ஆக, ஆள் மாறினால் 350. அடுத்தது ராத்திரிச் செலவு. இரண்டு பேருக்குக் காலை டிபன் 160, சோப்பு, டீ, காபி, டிஷ்யூ 60, வெந்நீரும் விளக்குமாகக் கரண்ட் 50; மொத்தம் 270.

இவை போக, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு உண்டு. வைஃபை, ரிப்பேர், வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட், கிழிந்த துண்டுக்குப் பதில் புதுசு எல்லாம் சேர்த்து மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000 என்று வையுங்கள். புதிதாக ஆரம்பிக்கும் ஓர் அறைக்கு வருஷத்தில் 120 ராத்திரி ஆள் வருவதாக எடுத்துக்கொண்டால், ராத்திரிக்கு 300 ரூபாய் இதற்கே போய்விடும்.

இந்த அறையை ஆன்லைன் தளத்தில் 1,500 ரூபாய்க்குப் போடுகிறீர்கள், கமிஷன் 18 சதவீதம் என்று வைப்போம். கைக்கு வருவது 1,230. ஒரே ராத்திரி தங்குபவர் வந்தால் செலவு 350, 270, 300 சேர்ந்து 920. மிச்சம் 310. அதே ஆள் இரண்டு ராத்திரி தங்கினால் வருவது 2,460. செலவு 350, இரண்டு 270, இரண்டு 300, ஆக 1,490. மிச்சம் 970, அதாவது ராத்திரிக்கு 485. துவைப்பதும் சுத்தம் செய்வதும் ஒருமுறைதான் என்பதைத் தவிர வேறெந்த வித்தியாசமும் இல்லை. அதனால் சீசன் நாட்களில் 'குறைந்தது இரண்டு ராத்திரி' என்று போடுங்கள். மற்ற நாட்களில் இரண்டாவது ராத்திரிக்கு 150 குறைத்துக் கொடுங்கள். அப்படிக் குறைத்தாலும் ஒரு ராத்திரிக்கு ஒரு ஆள் என்று மாறி மாறி வருவதைவிட உங்களுக்கு லாபம்தான்.

நேரடியாகப் போன் செய்து வருபவருக்குக் கமிஷன் கிடையாது. ஆன்லைனில் 1,700 போட்டிருக்கும் அறையை அவருக்கு 1,500-க்குக் கொடுத்தாலும் மிச்சம் 580. ஆன்லைன் 1,700-ல் மிச்சம் 474-தான். ஒருமுறை வந்து திருப்தியாகப் போனவரின் நம்பரைச் சேமித்து வைப்பதன் மதிப்பு இதுதான். ஆனால் தளம் வழியாகப் புக் செய்தவரைக் கேன்சல் செய்யச் சொல்லி நேரில் பணம் வாங்காதீர்கள். தளத்தின் விதிப்படி அது தவறு. கண்டுபிடித்தால் உங்கள் பட்டியலையே தூக்கிவிடுவார்கள்.

அடிமட்ட விலை என்ன? ஜூன், ஜூலை மழையில் அறை எப்படியும் காலிதான் என்றால் அந்த 300-ஐ மறந்துவிடலாம். அன்றைக்குக் கையைவிட்டுப் போகும் செலவு 620. ஆன்லைனில் 900-க்குப் போட்டால் கைக்கு 738, மிச்சம் 118. அதற்குக் கீழே இறங்குவதில் அர்த்தமில்லை. மழைக்காலத்தில் துணி காயவே காயாது என்பதால் துவைக்கும் செலவும் கூடும்.

இனி ஊர் விலையைப் பாருங்கள். உங்களைப் போலவே டவுனுக்கு வெளியே, வீட்டுக்காரர் கூடவே இருக்கும், இரண்டு பேர் அறைகள் நாலைந்தை ஆன்லைனில் எடுத்து, அடுத்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு சனிக்கிழமைக்கும் என்ன விலை என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிசார்ட்டோடு ஒப்பிட வேண்டாம். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரம் வரை, பொங்கல் விடுமுறை, ஏப்ரல், மே, ஓணம், பூஜா ஹாலிடேஸ், தீபாவளியை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றில் சாதாரண விலைக்கு ஒன்றரை மடங்கு தாராளமாகப் போகும். பிப்ரவரி, மார்ச் பரீட்சைக் காலம். வரையாடு குட்டி போடும் சமயம் என்று ராஜமலை இரவிகுளம் தேசியப் பூங்காவும் வழக்கமாக அப்போதுதான் மூடியிருக்கும். 'வரையாடு பார்க்கலாமா' என்று கேட்பவரிடம் மூடியிருப்பதைப் புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கியபின் தெரிந்தால் அந்த ஏமாற்றம் உங்கள் ரேட்டிங்கில்தான் இறங்கும்.

விலை பேசும்போதே தீர்க்க வேண்டிய இன்னொரு விஷயம் டிரைவர். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பாதிப்பேர் வாடகை வண்டியில் டிரைவரோடுதான் வருவார்கள். ராத்திரி பத்து மணிக்கு 'டிரைவர் எங்கே படுப்பார்' என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஒரு கட்டில், கம்பளி, தனியாக ஒரு டாய்லெட் கொடுக்க முடிந்தால் இலவசமாகவே கொடுங்கள். அடுத்த சவாரியை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவது அந்த டிரைவர்தான். முடியாதென்றால் புக்கிங் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். வண்டியிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது நம் குளிருக்குச் சரிவராது.

சுத்தத்துக்கு வருவோம். நம் ஊரில் தூசியைவிட ஈரம்தான் பெரிய எதிரி. கெஸ்ட் எழுதும் புகாரைப் படித்தால் 'அழுக்கு' என்று இருக்காது, 'வாடை அடிக்கிறது', 'மெத்தை ஜில்லென்று ஈரமாக இருக்கிறது' என்றுதான் இருக்கும். வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும். வெந்நீர்க் குளியலின் ஆவியும் ஆட்களின் மூச்சும் அதில் பட்டு நீராகும். கட்டிலும் பீரோவும் சுவரோடு ஒட்டியிருந்தால் அந்த இடுக்கில் காற்றே போகாமல் கரும்பூஞ்சை பிடிக்கும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும்; அதற்கு விளக்கு சுவிட்சோடு சேர்க்காமல் தனி சுவிட்ச் வேண்டும். ஆள் இல்லாத நாட்களிலும் வெயில் அடிக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து, மஞ்சு இறங்குவதற்கு முன் சாத்துங்கள். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து 'காத்தாட விடுவது' ஈரத்தை உள்ளே கூப்பிடுவதுதான்.

கட்டில் ஒன்றுக்கு மூன்று செட் துணி வேண்டும்: விரித்தது ஒன்று, துவைக்கப்போனது ஒன்று, பீரோவில் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாலு செட் இருந்தால்தான் சமாளிக்கலாம். முக்கால் காய்ந்த பெட்ஷீட்டை மடித்துவைத்தால் இரண்டே நாளில் புழுங்கிய நாற்றம் வரும். மடிக்கும் முன் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். ஆவி கிளம்பினால் இன்னும் காயவில்லை. வெள்ளைத் துணியே வாங்குங்கள். கறை தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், கறை தெரிவது உங்களுக்கு நல்லது. மெத்தைக்கு மேல் தண்ணீர் இறங்காத உறை ஒன்று போடுங்கள். கம்பளியைத் தினமும் துவைக்க முடியாது. அதனால் அதற்குப் பருத்தி உறை போட்டு உறையை மட்டும் ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றுங்கள். முந்தின ஆள் போர்த்திய கம்பளி என்ற எண்ணமே பலரைத் தூங்கவிடாது.

வேலை செய்யும் வரிசை இது. கெஸ்ட் கிளம்பியதும் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு, கட்டில் துணி முழுவதையும் உருவுங்கள். உருவியவுடன் மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் பலகையின் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளியோ, பெட்ஷீட்டில் துரு நிறத்தில் சின்ன ரத்தக் கறையோ இருந்தால் அது மூட்டைப்பூச்சி. அன்றைய அடுத்த புக்கிங்கை வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, துணியைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். பாச்சா உருண்டை இதற்கு வேலை செய்யாது. முட்டையிலிருந்து மறுபடி வரும் என்பதால் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை அடிக்க வேண்டும்.

பிறகு டாய்லெட்டில் கிளீனரை ஊற்றி ஊறவிட்டு, அந்த நேரத்தில் அறையை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். டாய்லெட்டுக்கு ஒரு நிறத் துணி, வாஷ்பேசினுக்கும் கண்ணாடிக்கும் வேறு நிறம், அறைக்கு மூன்றாவது. வேலைக்கு வரும் அக்காவுக்கு இதைச் சொல்வதோடு நிறுத்தாமல், துணிகளை மூன்று வாளியில் பிரித்தே வையுங்கள். பூஞ்சைக்கு அடிக்கும் பிளீச்சையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் ஒரே பாத்ரூமில் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது மூச்சை அடைக்கும். கடைசியாக அறைக்கு வெளியே போய் நின்று, இரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டுங்கள். ரூம் ஸ்ப்ரே அடித்து வாடையை மறைத்தால், ஒரு மணி நேரத்தில் ஸ்ப்ரே போய்விடும், வாடை அங்கேயே இருக்கும்.

குடிக்க, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மூடி போட்ட எவர்சில்வர் ஜக்கில் வையுங்கள். மலைப்பகுதிச் சுற்றுலா இடங்களில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கேரளா உயர்நீதிமன்றம் போட்ட தடை 2025 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. மூணாறும் அதில் உண்டு. பாட்டில் வாங்கிவைத்துச் சிக்கிக்கொள்ள வேண்டாம். ஓடைத் தண்ணீர் டேங்குக்கு வருகிறதென்றால் மழைக்காலத்தில் கலங்கலைப் பார்த்து டேங்கைக் கழுவுங்கள்.

பாதுகாப்பில் முதலிடம் வெந்நீருக்கு. திருட்டும் சண்டையும் பிறகுதான். கெஸ்ட் கேட்கும் முதல் கேள்வி 'ஹாட் வாட்டர் உண்டா' என்பதே. அதற்காகச் செலவைக் குறைக்க காஸ் கெய்சரைப் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டிவிடுவார்கள். சிலிண்டர் காஸ் எரியும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; ஆக்சிஜன் குறைந்ததும் காஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிட்டு, சுகமாக இருக்கிறதே என்று இருபது நிமிடம் நின்று குளிப்பவர் தலைவலி, கிறுகிறுப்பு என்று உணர்வதற்குள் மயங்கி விழுந்துவிடுவார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார். வெளியே இருப்பவருக்கு ஷவர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

காஸ் கெய்சர் வேண்டுமென்றால் அதையும் சிலிண்டரையும் வீட்டுக்கு வெளியே, நாலாபக்கமும் காற்றுப் போகும் வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பாத்ரூமில் மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் இருக்கிறதே என்பது சமாதானமல்ல. கெஸ்ட் குளிருக்கு அதில் துண்டை அடைத்துவிடுவார். நீல நிறத்தில் எரிய வேண்டிய ஜுவாலை மஞ்சளாக எரிந்தாலோ, கெய்சரின் மேல்பக்கம் கரி படிந்திருந்தாலோ சரியாக எரியவில்லை என்று அர்த்தம். மெக்கானிக் பார்க்கும்வரை அதை மூடிவையுங்கள்.

ஓர் அறைக்கு என் சிபாரிசு 25 லிட்டர் கரண்ட் கெய்சர். நம் குளிர்ந்த தண்ணீரை ஒருமுறை முழுதாகச் சூடாக்க ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் ஆகும். மிக்ஸர் குழாயில் கலந்து குளித்தால் அது இரண்டு பேருக்குப் போதும். கரண்ட் என்பதால் எர்த் சரியாக இருக்க வேண்டும், அறை லைனில் கரண்ட் கசிந்தால் உடனே கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். கரண்ட் கட்டானால் நன்றாக இருக்கிறது. கட்டாகாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இதே கார்பன் மோனாக்சைடு இன்னொரு வழியிலும் வரும். கெஸ்ட் வெளியே கேம்ப்ஃபயர், பார்பெக்யூ போட்டுவிட்டு, 'நல்ல கதகதப்பு' என்று மீந்த கரியோடு அடுப்பை அறைக்குள் தூக்கிப்போய் வைத்துத் தூங்கிவிடுவார்கள். மலையூர்களில் இப்படி உயிர் போயிருக்கிறது. புகை அடங்கிய கங்குதான் ஆபத்தானது. அது கண்ணில்படாமல் விஷவாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அறைக்குள் கரி, விறகு, காஸ் அடுப்பு எதுவும் கூடாது என்று தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வெளியே நெருப்பு போட அனுமதித்தால், ராத்திரி நீங்களே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. குளிருக்கு மாற்று வேண்டும். ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு ஹாட் வாட்டர் பேக் கொடுத்தால் கரியைத் தேட மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி அறையில் மாட்டலாம். புகை அலாரமும் அதுவும் ஒன்றல்ல. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

தாழ்ப்பாள் உள்ளே உறுதியாக இருக்க வேண்டும், வெளிச்சாவி இரண்டும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். கேமரா கேட்டில், பார்க்கிங்கில் மட்டும். அதையும் கெஸ்ட்டிடம் சொல்லிவிடுங்கள். மாடி என்பதால் ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பான் படிக்கட்டு அருகே இருக்கட்டும், முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

ராத்திரி விஷயம் நமக்கு யானைதான். படையப்பா என்ற காட்டு யானையைப் பார்க்கணும் என்றே சிலர் வருவார்கள். இருட்டிய பிறகு ரோட்டில் நடக்கவோ, சத்தம் கேட்டால் டார்ச்சும் மொபைலுமாக வெளியே ஓடவோ கூடாது என்று வந்தவுடனேயே சொல்லுங்கள். மிச்ச சாப்பாட்டையும் பழத்தோலையும் வீட்டோரம் கொட்டாதீர்கள். வரும் நேரத்தை மாலை ஆறுக்குள் வைக்கச் சொல்லுங்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார் வழியாக வருபவருக்கு, இருட்டினால் செக்போஸ்ட்டில் வண்டியை விடமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்காது. மழைக்காலத்தில் ரெட் அலர்ட் வந்து கலெக்டர் ராத்திரிப் பயணத்தைத் தடை செய்தால் தேதியை இலவசமாக மாற்றித் தருவேன் என்று முதலிலேயே எழுதிவையுங்கள். 2020 ஆகஸ்ட் பெட்டிமுடி நிலச்சரிவுக்குப் பிறகு, மழையில் வர யோசிப்பவரை வற்புறுத்துவது சரியல்ல.

தங்கும் பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் பாருங்கள். புக் செய்தவருடையது மட்டும் போதாது. பெயர், ஊர், போன், வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம் ரெஜிஸ்டரில் இருக்கட்டும். ஆதார் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு காப்பி போதும். வாட்ஸ்அப்பில் அது குவிய விடாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஊரில் சி ஃபார்ம் என்பார்கள். முதல் வெளிநாட்டவர் வந்த பிறகு லாகின் வாங்க ஓடினால் 24 மணி நேரம் போதாது, முன்னாடியே பதிந்துகொள்ளுங்கள்.

காகித வேலையில் முதல் படி, வீட்டுப் பட்டாவில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீசில் கேட்பது. இடுக்கியில் பல பட்டாக்கள் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே கொடுக்கப்பட்டவை. புதிதாக ஒரு செங்கல் வைப்பதற்கு முன் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது பஞ்சாயத்து. பிறகு கேரளா டூரிஸம் துறையின் ஹோம்ஸ்டே வகைப்பாடு. டைமண்ட், கோல்டு, சில்வர் என்று மூன்று தரம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை, உங்களுக்கு அது பொருந்துகிறது. வகைப்பாடு கிடைத்தால் கேஎஸ்இபி-யில் வீட்டுக்கான கரண்ட் கட்டணமே தொடர வழி உண்டு என்பதால் செக்‌ஷன் ஆபீசில் அதைக் கேளுங்கள். டிபன் கொடுப்பதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் வேண்டும்.

இவையெல்லாம் கைக்கு வரும்வரை ஆன்லைனில் ஏற்றாமல், தெரிந்தவர்கள் இரண்டு பேரை அந்த அறையில் ஒரு ராத்திரி படுக்கவையுங்கள். வெந்நீர் வர எத்தனை நிமிடம் ஆகிறது, விடியற்காலையில் எந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது, போன் சார்ஜருக்குக் கட்டில் பக்கத்தில் பிளக் இருக்கிறதா, உங்கள் மிக்ஸி சத்தம் காலை எத்தனை மணிக்கு மேலே கேட்கிறது என்று அவர்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டில் உள்ளதைச் சரிசெய்துவிட்டு போட்டோ எடுங்கள்.